‘பார்ப்போம், தொடமாட்டோம்’

கிள்ளான், மேரு, காப்பார், ஷா ஆலம் வட்டாரத்தில் புது மெஷின் வாங்கும் ஆலைகளுக்கு இப்போது மெஷினோடு ஒரு சின்னப் பெட்டியும் வந்து சேர்கிறது. உள்ளங்கையில் அடங்கும். கண்ட்ரோல் பேனலுக்குள் பிஎல்சிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும், 24 வோல்ட்டில் ஓடும். சிலவற்றில் ஆன்டெனாவும் சிம் கார்டும் உண்டு. தைவானிலோ ஜெர்மனியிலோ உட்கார்ந்திருக்கும் மெஷின் கம்பெனி இன்ஜினியர் தன் மேசையிலிருந்தே உங்கள் பிஎல்சிக்குள் வந்து போக அது வழி செய்கிறது. கூடவே கேள்வி பதிலாக அச்சடித்த ஒரு தாளும் வரும். கம்பெனி எதுவானாலும் அந்தத் தாளில் இருப்பது ஏறக்குறைய ஒன்றேதான். பாதுகாப்பா? விபிஎன் வழியாகத்தான் வருகிறோம், எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டது. எங்கள் ஃபயர்வாலில் எதையாவது திறக்க வேண்டுமா? வேண்டாம், பெட்டி வெளியே மட்டும்தான் கூப்பிடும். மெஷினை நீங்கள் மாற்றிவிடுவீர்களா? பார்ப்போம், தொடமாட்டோம். எப்போதும் திறந்திருக்க வேண்டுமா? திறந்திருந்தால்தான் மெஷின் நின்ற உடனே ஓடவைக்க முடியும்.

மேனேஜர்களில் பெரும்பாலோர் இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஐடி பிரிவும் “விபிஎன்தானே” என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறது. அந்தத் தாளில் பச்சைப் பொய் என்று எதுவும் இல்லை. ஆனால் ஓர் ஆலை மேனேஜர் கேட்டாக வேண்டியவற்றை அது தொடவே இல்லை. வெல்டிங் செய்ய வருகிற கான்ட்ராக்டர் பெர்மிட் இல்லாமல் உங்கள் ஆலைக்குள் கால் வைக்க முடியாது. அவர் பெயர், வேலை, இடம், நேரம் எல்லாம் தாளில் இருக்கும், பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் நிற்பார். தொலைவிலிருந்து பிஎல்சியைத் திறக்கிற இன்ஜினியர் செய்வதும் உங்கள் ஆலைக்குள் நடக்கிற பராமரிப்பு வேலைதான். அவரை மட்டும் எந்தக் காகிதமும் இல்லாமல், இரவும் பகலும், எந்த நாளும் உள்ளே விடுகிறோம். இதை ஐடி விவகாரம் என்று ஒதுக்கியதுதான் கோளாறின் வேர். இது வேலை அனுமதி விவகாரம்.

விபிஎன் என்ற முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். விபிஎன் பாதுகாப்பது வழியை. நடுவில் ஒட்டுக்கேட்பவனுக்கு எதுவும் புரியாது. ஆனால் அந்த வழியின் மறுமுனையில் இருப்பது சப்ளையர் இன்ஜினியரின் லேப்டாப். அந்த லேப்டாப் எதையெல்லாம் தொட்டதோ, எந்த ஹோட்டல் வைஃபையில் கிடந்ததோ, அதெல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டு பத்திரமாக உங்கள் பிஎல்சிக்கு வந்து சேரும். குழாய் சுத்தமாக இருப்பதால் அதில் வரும் தண்ணீர் சுத்தமாகிவிடாது.

ஜப்பானில் 2022இல் நடந்ததைப் பாருங்கள். கொஜிமா என்பது டொயோட்டாவுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்து தரும் நிறுவனம். பிப்ரவரி 26 இரவு அதன் சர்வர்களில் கோளாறு தெரிந்தது. மார்ச் 1ஆம் தேதி டொயோட்டா ஜப்பானில் இருக்கும் தன் 14 ஆலைகளையும், அவற்றின் 28 உற்பத்தி வரிசைகளையும் நிறுத்தியது. ஏறத்தாழ 13,000 கார்கள் அன்று வெளிவரவில்லை. எங்கிருந்து நுழைந்தார்கள் என்பதைக் கொஜிமாவே பின்னர் வெளியிட்டது. அதன் துணை நிறுவனம் ஒன்று, குறிப்பிட்ட ஒரு வெளி நிறுவனத்தோடு மட்டும் பேசுவதற்காகத் தனியாக வைத்திருந்த தொலை இணைப்புக் கருவியில் ஓர் ஓட்டை. அதில் நுழைந்து துணை நிறுவனத்தின் நெட்வொர்க்கிற்குள் போனார்கள், அங்கிருந்து கொஜிமாவுக்குள். ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும்: அங்கே எந்த மெஷினையும் யாரும் கெடுக்கவில்லை. பாகங்களுக்கு ஆர்டர் கொடுத்து வாங்கும் கணினிகள் படுத்ததால் கார் வரிசைகள் நின்றன. நம் பேனலுக்குள் மாட்டுகிற பெட்டியும் அதே சாதிதான்: ஒரே ஒரு வெளியாளுக்காக, தனியாக, யாருடைய பட்டியலிலும் சேராமல் ஓடுகிற கருவி. அதற்கு அப்டேட் போடுவது யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். ஐடி, “மெஷினோடு வந்தது, மெயின்டனன்ஸ் பார்க்கட்டும்” என்பார்கள். மெயின்டனன்ஸ், “அது நெட்வொர்க் சாமான், ஐடி” என்பார்கள்.

‘வெளியே மட்டும்தான் கூப்பிடும்’ என்பதை ஒரு நற்சான்றிதழாகவே தாளில் போட்டிருப்பார்கள். பெட்டி 443ஆம் போர்ட் வழியாக சப்ளையரின் கிளவுட் சர்வரைக் கூப்பிடும். பேங்க் இணையதளத்தைத் திறக்கும்போது உங்கள் பிரவுசர் போகிற அதே வழி. ஆகவே ஃபயர்வால் தடுக்காது. ஆனால் கூப்பிட்டு இணைப்பு உண்டான பிறகு அதே இணைப்பில் இரு பக்கமும் போக்குவரத்து உண்டு. மறுமுனையில் இருப்பவர் அதன் வழியே உங்கள் மெஷினுக்குள் வருகிறார். ஃபயர்வாலில் எதையும் மாற்ற வேண்டாம் என்றால், இப்படி ஒருவர் வந்து போவது உங்கள் ஃபயர்வாலுக்கே தெரியாது என்று பொருள். சிம் கார்டு போட்ட பெட்டி இன்னும் மோசம். அது ஃபயர்வால் இருக்கும் தெருப் பக்கமே போவதில்லை.

கூடங்குளம் பெயரைக் கேட்டாலே நம்மவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். 2019 அக்டோபரில் அங்கே டிட்ராக் என்ற வைரஸ் நுழைந்ததாகச் செய்தி வந்தது. நிலையத் தரப்பு முதலில் மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் தொற்று இருந்தது, உலையைக் கட்டுப்படுத்தும் நெட்வொர்க் தனியே இருப்பதால் பாதிப்பு இல்லை. மறுத்து, பிறகு ஒப்புக்கொண்ட விதம் ஒருபுறம் இருக்கட்டும். ஆபீஸ் நெட்வொர்க்கும் கண்ட்ரோல் நெட்வொர்க்கும் தனித்தனியே என்ற அந்த ஒரு வரிதான் கழகம் காட்டிய கவசம். உங்கள் ஆலையிலும் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு கண்ட்ரோல் பேனலுக்குள் ஒரு சிம் கார்டு ஓடிக்கொண்டிருக்கும். ஷா ஆலமில் ஓர் ஆலையில் பேனலைத் திறந்தபோது, மெஷின் வாங்கிய நாளிலிருந்து பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த அப்படி ஒரு ரூட்டரைக் கண்டேன். சிம்முக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆலை கட்டவில்லை என்பது மட்டும் உறுதி.

அடுத்து, மேனேஜர்கள் என்னிடம் கேட்பதிலேயே நல்ல கேள்வி: “பத்து வருஷமா பழகின கம்பெனி. அவனை நம்பாமல் யாரை நம்புவது?”

கம்பெனியை நம்புங்கள். ஆனால் உள்ளே வருவது கம்பெனி அல்லவே, ஓர் ஆள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மரூச்சி ஷயர் என்ற ஊராட்சி. அதன் கழிவுநீர் பம்ப் நிலையங்கள் 142க்கும் ரேடியோ வழியே கட்டுப்படுத்தும் அமைப்பை ஒரு சப்ளையர் நிறுவிக் கொடுத்தார். அந்த வேலையில் இருந்த ஒருவர் கம்பெனியிலிருந்து விலகினார், ஊராட்சியிடம் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் பம்ப்கள் காரணமில்லாமல் நின்றன, அலாரம் வர வேண்டிய இடத்தில் வரவில்லை, கட்டளை போனாலும் பம்ப் கேட்கவில்லை. புது அமைப்பு, கோளாறு இருக்கத்தான் செய்யும் என்றே முதலில் எண்ணினார்கள். சப்ளையரின் மென்பொருளை மீண்டும் ஏற்றிப் பார்த்தார்கள். ஏப்ரலில் ஓர் இரவு அந்த ஆளின் காரைப் போலீஸ் நிறுத்தியபோது உள்ளே லேப்டாப்பும் ரேடியோவும் இருந்தன. அதற்குள் சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஓடையிலும் ஒரு ஹோட்டல் வளாகத்திலும் கொட்டியாகிவிட்டது. 2001இல் அவருக்கு இரண்டு ஆண்டு சிறை.

எந்தப் பாஸ்வேர்டையும் உடைக்கத் தெரிய வேண்டிய வேலை இல்லை அது. அமைப்பை அவர் அறிவார், தேவையான சாமான் அவர் கையில் இருந்தது. அவர் போன பிறகும் வாசல் அப்படியே இருந்தது. உங்கள் சப்ளையரின் சர்வீஸ் பிரிவிலிருந்து போன மாதம் யார் விலகினார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிய வழியே இல்லை. ஆனால் தாளில் இதை எழுதி வாங்கலாம்: ஒவ்வோர் இன்ஜினியருக்கும் அவர் பெயரிலேயே கணக்கு, பாஸ்வேர்டோடு சேர்த்து கைபேசியில் வரும் இரண்டாவது சரிபார்ப்பு, ஆள் விலகினால் அன்றைக்கே உங்களுக்கு எழுத்தில் தகவல். ‘service’ என்ற ஒரே பெயரில் இருபது பேர் நுழைகிற கணக்கை ஏற்காதீர்கள். எச்எம்ஐ கணினியில் டீம்வியூவரோ எனிடெஸ்கோ போட்டு, பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைக்கும் வழக்கத்தையும்தான் சொல்கிறேன். நம் வட்டாரத்தில் அது சர்வசாதாரணம்.

இங்கே பாதுகாப்புச் சாமான் விற்பவர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ஹோட்டல் கருத்தரங்குகளில் அவர்கள் விடாமல் காட்டுவது ஃபுளோரிடாவின் ஓல்ட்ஸ்மார் குடிநீர் ஆலைக் கதை. 2021 பிப்ரவரி 5 அன்று ஆபரேட்டரின் கண்ணெதிரே மவுஸ் தானாக நகர்ந்து, சோடியம் ஹைட்ராக்சைடு அளவு 100 பிபிஎம்மிலிருந்து 11,100க்குப் போனது, ஆபரேட்டர் உடனே குறைத்துவிட்டார் என்பது கதை. 2023இல் அந்த நகரின் முன்னாள் நிர்வாகி, அது ஊழியர் ஒருவரின் கைத்தவறாக இருக்கலாம் என்றார். வெளியிலிருந்து நடந்த தாக்குதல் என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்று எஃப்பிஐயும் சொன்னது. ஸ்லைடுகளில் இந்தப் பகுதி இருக்காது. எனக்கோ இந்தப் பகுதிதான் முக்கியம். அங்கே தொலை இணைப்புக்கு எல்லாக் கணினிகளிலும் ஒரே பாஸ்வேர்ட். யார் மாற்றினார்கள் என்று பிற்பாடு யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத நிலையில் ஆலை இருந்தது. திருடனா, நம் ஆளா, சப்ளையரா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆலையில் எந்த விசாரணையும் நகராது.

இப்போது ‘பார்ப்போம், தொடமாட்டோம்’ என்ற பதில். இந்த வாக்குறுதி இன்ஜினியரின் நல்ல மனதில் இருக்கிறது, நெட்வொர்க்கில் இல்லை. சீமென்ஸ் பிஎல்சிகளில் படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒரே போர்ட், 102. அந்தப் போர்ட்டைத் திறந்தால் இரண்டுக்கும் திறந்ததுதான். சாதாரண ஃபயர்வால் இதைப் பிரித்தறியாது. இருந்தாலும் ஃபயர்வால் ஒரு வேலையைச் செய்யும்: சப்ளையர் தன் மெஷினைத் தாண்டிப் பக்கத்து மெஷினுக்குப் போகாமல் நிறுத்தும். லினக்ஸ் ஃபயர்வாலில் அது இரண்டே வரி:

```
ip saddr 10.20.0.5 ip daddr 192.168.7.10 tcp dport 102 accept
ip saddr 10.20.0.5 log drop
```

முதல் வரி, தொலை இணைப்புப் பெட்டியிலிருந்து வருவது அந்த சப்ளையர் மெஷினின் பிஎல்சிக்கு மட்டும், அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் போகலாம் என்கிறது. இரண்டாவது, மற்ற எல்லாவற்றையும் குறித்து வைத்துவிட்டுத் தள்ளு என்கிறது. மேனேஜர் இதை எழுத வேண்டியதில்லை, ஐடியிடம் காட்டச் சொன்னால் போதும். “எங்கே அந்த இரண்டு வரி?” என்றதும் கிடைக்கும் முகபாவமே பாதி தணிக்கை. இதை உங்கள் ஃபயர்வாலில் போட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சப்ளையரின் பெட்டிக்குள்ளேயும் இப்படி விதி போடலாம்தான். ஆனால் அதை மாற்றும் அதிகாரமும் சப்ளையரிடம் இருக்கும்.

புரோகிராமை மாற்றவிடாமல் தடுக்கும் பூட்டு பிஎல்சியிலேயே இருக்கிறது. சீமென்ஸின் எஸ்7-1200, 1500 வகைகளில் படிக்க மட்டும் விடும் நிலையை வைத்து, எழுதுவதற்கான பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ராக்வெல்லின் கண்ட்ரோல்லாஜிக்ஸில் முகப்பிலேயே ஒரு சாவி உண்டு: RUN, REM, PROG. சாவி RUN-இல் இருந்தால் தொலைவிலிருந்து புரோகிராமை மாற்ற முடியாது. ஆனால் வேகம், வெப்பநிலை போன்ற செட்பாயின்ட்களை அப்போதும் மாற்றலாம், ஆகவே அதை முழுப் பூட்டு என்று நினைத்துவிடக் கூடாது. நம் ஆலைகளில் இந்தச் சாவி எந்நாளும் REM-இல்தான் கிடக்கும், யாரோ ஒருமுறை திருப்பியதோடு சரி. 2017இல் சவூதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் விபத்துத் தடுப்பு கண்ட்ரோலருக்குள்ளேயே வைரஸ் ஏற்றினார்கள். அந்தக் கண்ட்ரோலரிலும் இப்படி ஒரு சாவி உண்டு. அது PROGRAM நிலையிலேயே விடப்பட்டிருந்தது.

இதெல்லாம் கணினி பற்றியது. நான் அதிகம் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. மேருவில் ஒரு கையுறை ஆலை என்று வைத்துக்கொள்வோம். இரவு ஷிப்ட், மணி இரண்டு. நான்காம் வரிசையின் சங்கிலி டிரைவ் ஓவர்லோட் காட்டி நிற்கிறது. ஆயிரக்கணக்கான பீங்கான் அச்சுகள் லாடெக்ஸோடு பாதி வழியில் தொங்குகின்றன. அடுப்புக்குள் மாட்டியவை காய்ந்து கருகும். சூப்பர்வைசர் சப்ளையருக்கு வாட்ஸ்அப் போடுகிறார். வாசல் எப்போதும் திறந்திருப்பதால் இன்ஜினியர் உடனே உள்ளே வருகிறார், ஃபால்ட் மெமரியைப் பார்க்கிறார், கரன்ட் வரம்பைக் கொஞ்சம் ஏற்றுகிறார், ரீசெட் செய்கிறார். அவர் திரையில் ‘ரெடி’ என்று வருகிறது. அதே நேரம் கையுறையை உருவும் இடத்தில் நம் ஆள் ஒருவர், நின்ற வரிசைதானே என்று, காவலை நகர்த்திவிட்டுச் சிக்கிய அச்சைக் கையால் இழுத்துக்கொண்டிருக்கிறார். இன்ஜினியரின் திரையில் அந்தக் கை தெரியாது. ஸ்டார்ட் பட்டனும் அதே திரையில்தான் இருக்கிறது.

“அதற்குத்தான் லாக்-அவுட் இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது, ஆனால் மெயின் ஐசோலேட்டரை அணைத்துப் பூட்டினால் டிரைவும் அணைந்துவிடும், சப்ளையரால் எதையும் பார்க்க முடியாது. ஆகவே தொலை இணைப்பின்போது பூட்டு போடாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த இடத்தில்தான் சரியான கருவியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இப்போது வரும் மோட்டார் டிரைவ்கள் பலவற்றில் எஸ்டிஓ என்று இரண்டு முனைகள் இருக்கும். அவற்றுக்கு வரும் 24 வோல்ட்டைத் துண்டித்தால் டிரைவின் மூளை விழித்தே இருக்கும், படிக்கலாம், அளவுகளை மாற்றலாம், ஆனால் மோட்டாருக்கு முறுக்குவிசை போகாது. யார் எந்தத் திரையில் ஸ்டார்ட் அழுத்தினாலும் சங்கிலி நகராது. பேனலில் ஒரு சாவி சுவிட்ச் வைத்து, அதன் கம்பியை நேராக எஸ்டிஓவுக்கு இழுத்துவிட்டு, சாவியை நம் ஆளின் சட்டைப் பையில் வைக்க வேண்டும். பல பேனல்களில் ‘லோக்கல்/ரிமோட்’ சுவிட்ச் ஏற்கெனவே இருக்கும். வயரிங் படத்தை எடுத்துப் பாருங்கள். அது பிஎல்சியின் ஓர் இன்புட்டுக்குப் போகிறது என்றால் அதை நம்பாதீர்கள், புரோகிராமை மாற்றுகிறவர் அந்த இன்புட்டைப் பொருட்படுத்தாதபடியும் மாற்றலாம். இதற்கும் எல்லை உண்டு. எஸ்டிஓ மோட்டாரை மட்டும்தான் கட்டும். அடுப்பின் கேஸ் பர்னரையும் குளோரின் செலுத்தும் பகுதியையும் அது தொடாது. அந்த இரண்டையும் தொலை இணைப்பின் எல்லைக்குள்ளேயே விடக் கூடாது என்பது என் நிலை. அவற்றுக்கு ஆள் நேரில் வரட்டும்.

ரோபோக்காரர்கள் இதை எப்போதோ விதியாக்கிவிட்டார்கள். ஐஎஸ்ஓ 10218 தரத்தின்படி, ரோபோ பக்கத்தில் நிற்பவரின் கைக்கட்டுப்பாட்டில் இருக்கும்போது வேறு எங்கிருந்தும் அதை ஓடவைக்க முடியக் கூடாது. சங்கிலி ஓடுகிற வரிசைக்கும் அது பொருந்தும்.

அதே இரவு இரண்டு மணியை வேறு விதமாக நடத்திப் பார்ப்போம். சூப்பர்வைசர் ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணுக்கு அவராகவே போன் செய்கிறார். வந்த அழைப்பை நம்பி யாரையும் உள்ளே விடுவதில்லை. இன்ஜினியரின் பெயரைப் பட்டியலோடு ஒப்பிடுகிறார். அரைப் பக்கப் பெர்மிட்டில் வரிசை எண், கோளாறு, என்ன மாற்றப் போகிறார், எவ்வளவு நேரம் என்று எழுதுகிறார். டெக்னீஷியன் ஆட்களை விலக்கி, காவல்களை மூடி, எஸ்டிஓ சாவியைத் திருப்பித் தன் பையில் போட்டுக்கொள்கிறார். பிஎல்சி புரோகிராமுக்கும் டிரைவ் அளவுகளுக்கும் அப்போதே ஒரு பிரதி எடுக்கிறார்கள். பிறகுதான் இன்னொரு சாவி: தொலை இணைப்புப் பெட்டிக்குப் போகும் 24 வோல்ட்டை இணைக்கும் சாவி. பேனல் கதவில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது, டைமர் ரிலே ஒரு மணி நேரத்துக்கு ஓடத் தொடங்குகிறது, முடிந்ததும் தானாகவே துண்டிக்கும். இந்தப் பெட்டிகள் பலவற்றில் சாவி சுவிட்சுக்கென்றே ஒரு டிஜிட்டல் இன்புட் உண்டு. ஆனால் அந்த இன்புட்டை மதிக்க வேண்டுமா என்பது பெட்டியின் செட்டிங்கில் இருக்கிறது, செட்டிங் சப்ளையர் கையில். மின்சாரத்தையே துண்டிப்பதில் அந்தத் தொல்லை இல்லை.

இன்ஜினியர் ஒவ்வொரு மாற்றத்தையும் போனில் சொல்கிறார், டெக்னீஷியன் திரும்பச் சொல்லி எழுதிக்கொள்கிறார். முடிந்ததும் எஸ்டிஓவை விடுவித்து, இங்கிருந்து, இங்குள்ள பட்டனால், குறைந்த வேகத்தில் ஓட்டுகிறார்கள். பிறகு இன்னொரு பிரதி, முந்தையதோடு ஒப்பீடு. இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் பழக்கமான கதை. சோதனைக்காக ஒரு சென்சாரை ‘ஃபோர்ஸ்’ செய்து, அதாவது உண்மை எதுவானாலும் ‘ஆன்’ என்றே காட்டவைத்து, எடுக்க மறந்துவிட்டுப் போவார்கள். வரிசை நன்றாக ஓடும். அந்தச் சென்சார் தேவைப்படும் நாளில்தான் அது இல்லை என்று தெரியும். எஸ்7-1500இல் ஃபோர்ஸ் நிற்கிறது என்றால் முகப்பில் MAINT என்ற மஞ்சள் விளக்கு எரியும். ஆரஞ்சு விளக்கு அணைந்த பிறகு இந்த மஞ்சள் விளக்கையும் பார்த்துவிட்டுத்தான் பெர்மிட்டை மூட வேண்டும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் நேரம். வரிசை நின்றால் பணம் போகிறது, இத்தனை சடங்கு எதற்கு? மதிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் நேரம் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்களா? சாவியைத் திருப்பவும் அரைப் பக்கம் எழுதவும் சில நிமிடங்கள். இரவில் சாவி யாரிடம் என்று தேடுவதிலும், சப்ளையரின் சரியான எண் கிடைக்காமல் அலைவதிலும், பழைய புரோகிராம் பிரதி யார் லேப்டாப்பில் இருக்கிறது என்று விசாரிப்பதிலும்தான் மணிக்கணக்கு. வாசலை நிரந்தரமாகத் திறந்து வைப்பதால் இவற்றில் ஒன்றுகூடத் தீராது. ஷிப்டுக்கு ஒருவர் பெயரைப் பலகையில் எழுதினால் தீரும். “விடியும் வரை திறந்தே வையுங்கள், கிராஃப் பார்க்க வேண்டும்” என்று இன்ஜினியர் கேட்பார். கிராஃபை ஃபைலாக எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

மறுகோடியில் இருப்பவர்கள், “வம்பே வேண்டாம், தொலை இணைப்பையே தடை செய்” என்கிறார்கள். அவர்களுக்குத் தைவானின் டிஎஸ்எம்சியைக் காட்டுவேன். 2018 ஆகஸ்ட் 3 அன்று அதன் சிப் உற்பத்தி ஆலைகளில் வானாக்ரை வகை வைரஸ் பரவி வரிசைகள் நின்றன, சீராக மூன்று நாள் ஆனது. மூன்றாம் காலாண்டு வருவாயில் சுமார் 3 விழுக்காடு பாதிக்கும் என்று முதலில் மதிப்பிட்டார்கள். தொலைவிலிருந்து யாரும் வரவில்லை. புது மெஷினுக்கு மென்பொருள் ஏற்றியபோது வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தார்கள், அவ்வளவுதான். தடை செய்தால் இன்ஜினியர் விமானத்தில் வருவார், கையில் யூஎஸ்பி இருக்கும். பெர்மிட் இல்லாத யூஎஸ்பி, பெர்மிட் இல்லாத விபிஎன்னைவிட எந்த வகையிலும் உயர்ந்ததல்ல.

“ஏதாவது ஆனால் சப்ளையர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே?” ஆலையில் ஒரு கை போனால் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பாதுகாப்பான இயந்திரத்தையும் வேலைமுறையையும் தர வேண்டிய கடமையை முதலாளி மேல் வைக்கிறது. 2024 ஜூன் 1 முதல் அதை மீறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை. அதே ஆண்டு ஆகஸ்ட் 26இல் நடைமுறைக்கு வந்த 854ஆம் எண் இணையப் பாதுகாப்புச் சட்டம் முக்கியத் தகவல் கட்டமைப்பு என்று அறிவிக்கப்பட்ட நிறுவனங்களுக்கானது. அவை சம்பவத்தை அறிந்ததும் உடனே தெரிவித்து, ஆறு மணி நேரத்துக்குள் விவரம் கொடுக்க வேண்டும். சாதாரணக் கையுறை ஆலை தானாக அதில் வராது, ஆனால் மின்சாரத்துக்கோ குடிநீருக்கோ வேலை செய்கிறவர் என்றால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

கடைசியாக வாரன்டி. “பெட்டியை அணைத்தால் வாரன்டி செல்லாது” என்று சில சப்ளையர்கள் சொல்வார்கள். எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வருவது வேறு: கோளாறு நேரத்தில் நியாயமான கால அளவுக்குள் இணைப்புத் தர வேண்டும் என்பதுதான். சாவியும் டைமரும் அதற்கு இடைஞ்சல் இல்லை. இரண்டும் சில நூறு ரிங்கிட் சாமான், நிறுத்த நாளில் ஓர் எலக்ட்ரீஷியன் மாட்டிவிடுவார். நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டும் என்றே எழுதிக் கொடுக்கிற சப்ளையரிடம், யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவை மாதந்தோறும் அனுப்பும் பொறுப்பையும் அதே பத்தியில் எழுதித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அடுத்த மெஷினுக்கு விலை கேட்கும்போதே இந்த நிபந்தனையை டெண்டரில் போடுங்கள். மெஷின் வந்து இறங்கிய பிறகு பேரம் பேச உங்களிடம் எதுவும் மிஞ்சியிருக்காது.